மார்ச் 31 இரவா, ஏப்ரல் 3 காலையா: தேயிலைத் தொழிற்சாலையில் ஆடிட்டர் ஸ்டாக் பார்க்கும் நாள்

கோத்தகிரி, குன்னூர் பக்கத்துத் தேயிலைத் தொழிற்சாலைகளுக்கு ஆடிட் செய்பவர்களிடம் மார்ச் மாதம் வந்தால் ஒரு பேரம் நடக்கும். முதலாளி சொல்வார்: “31ஆம் தேதி ராத்திரி மலையேறி எதுக்குங்க சார் சிரமப்படுறீங்க? மூணாம் தேதி காலையில வாங்க, நிதானமா எண்ணிக்கலாம்.” அதே 31ஆம் தேதி இன்னும் நாலு கிளையண்ட் கூப்பிடுவதால் ஆடிட்டருக்கும் அது வசதிதான். விதியும் தடுக்கவில்லை. சரக்கிருப்பு பெரிய தொகையாக இருந்தால் கணக்கெடுப்பில் ஆடிட்டர் நேரில் இருக்க வேண்டும் என்கிறது எஸ்ஏ 501 என்ற தணிக்கைத் தரநிலை. கணக்காண்டு முடியும் மார்ச் 31 அல்லாமல் வேறொரு நாளில் எண்ணினால், இடைப்பட்ட நாட்களின் சரக்கு வரவு செலவையும் சரிபார்க்க வேண்டும் என்பதுதான் அது போடும் நிபந்தனை.

இரண்டு வழியிலும் ஒரு விஷயம் பொது. எண்ணுவது தொழிற்சாலைக்காரர்கள் வேலை. ஆடிட்டர் அவர்களுடைய எழுத்துபூர்வமான கணக்கெடுப்பு உத்தரவைப் படிக்கிறார், அதன்படி எண்ணுகிறார்களா என்று பார்க்கிறார், சரக்கைக் கையால் தொட்டுப் பார்க்கிறார், சிலவற்றைத் தானே எண்ணி ஒப்பிடுகிறார். வேறுபாடு நாளில்தான். ஆனால் அந்த மூன்று நாள் இடைவெளி எதை மறைக்கும் என்பது கணக்குப் போட்டால்தான் தெரியும்.

வெளியிலிருந்து பசுந்தேயிலை வாங்கி அரைக்கும் ஒரு தொழிற்சாலையை வைத்துக்கொள்வோம். எண்கள் எல்லாம் விளக்கத்துக்குத்தான். ஏப்ரல் 3 காலை எண்ணியபோது மூட்டை கட்டிய தூள் 18,420 கிலோ. ஒன்றாம் தேதியிலிருந்து எண்ணும் நேரம் வரை உற்பத்திப் புத்தகப்படி 6,150 கிலோ தயாரானது. பில் புத்தகப்படி 10,800 கிலோ வெளியே போனது. உற்பத்தியைக் கழித்து, போனதைக் கூட்டினால் மார்ச் 31 இருப்பு 23,070 கிலோ. ஸ்டாக் ரெஜிஸ்டரிலும் அதே 23,070. ஒரு கிலோகூட வித்தியாசம் இல்லை.

இங்கேதான் நிறுத்திப் பார்க்க வேண்டும். பின்னோக்கிக் கணக்குப் போடப் பயன்படுத்திய பில்லும் ஸ்டாக் ரெஜிஸ்டரும் ஒரே ஆள் எழுதியவை. பில் தேதி தப்பாக இருந்தால் இரண்டும் ஒரே மாதிரி தப்பாகும், கணக்கு அப்போதும் பொருந்தும். ஆகவே பார்க்க வேண்டியது வாட்ச்மேன் கையில் இருக்கும் கேட் ரெஜிஸ்டர். அதில் மார்ச் 31 இரவு 8.40க்கு, தனியார் வியாபாரி ஒருவரின் லாரி 60 மூட்டை ஏற்றிப் போனதாகப் பதிவு இருக்கிறது. மூட்டைக்கு 30 கிலோ, மொத்தம் 1,800 கிலோ. பில்லும் இ-வே பில்லும் மறுநாள் காலைத் தேதியில். அப்படியானால் ஏப்ரலில் உண்மையில் போனது 9,000 கிலோதான். மார்ச் 31 இருப்பு 21,270 கிலோ. தொழிற்சாலை வாசலிலேயே சரக்கு கைமாறும் பேச்சு என்றால் அந்த 1,800 கிலோவும் மார்ச் விற்பனை. ஸ்டாக்கில் கூடுதலாகவும், விற்பனையில் குறைவாகவும் நின்றுவிட்டது.

31 இரவே அங்கே நின்றிருந்தால் இந்த லாரி கண்ணில் பட்டிருக்கும். எண்ணத் தொடங்கும் முன் கடைசி பில் எண், கடைசி கேட் பதிவு, கடைசி பசுந்தேயிலை எடைச்சீட்டு எண் மூன்றையும் குறித்துக்கொள்வதுதான் அந்த இரவின் முதல் வேலை. பிறகு யாராவது ஒரு பில்லை முன்னே பின்னே தள்ளினால் வரிசை எண்ணே காட்டிக்கொடுத்துவிடும்.

3ஆம் தேதி போவதில் இன்னொரு சிக்கல், தரம். மொத்தக் கிலோவைப் பின்னோக்கிக் கொண்டுபோகலாம். உற்பத்தி எண்ணை வேறு வழியிலும் பார்க்கலாம்: அந்த நாட்களில் 26,000 கிலோ பசுந்தேயிலை அரைத்து 6,150 கிலோ தூள் வந்தது என்றால், நூற்றுக்கு 23.65. தொழிற்சாலையின் வழக்கம் 23க்கும் 24க்கும் நடுவே என்றால் நம்பலாம். ஆனால் சல்லடையிலிருந்து இறங்கித் தொட்டியில் கிடக்கும் உதிரித் தூள் மூன்று நாளில் மறுபடி சலிக்கப்பட்டு, கலக்கப்பட்டு, வேறு தரமாகவே மாறியிருக்கும். பி.எஃப். ரகத் தூள் எவ்வளவு, டஸ்ட் ரகத் தூள் எவ்வளவு என்று 31ஆம் தேதி நிலைக்குத் திருப்ப வழியில்லை. விலை தரத்துக்குத் தரம் மாறும். அடக்கவிலை, விற்றால் கைக்கு வரும் விலை இரண்டில் குறைந்ததைப் போட வேண்டிய இடத்தில் இது சின்ன விஷயம் அல்ல.

31 இரவுக்கும் தலைவலி உண்டு. அன்று மாலை வந்த இலை வாடல் தொட்டியில் விரிந்து கிடக்கும். அது தூளாகி டிரையரை விட்டு இறங்க மறுநாள் ஆகும். மிஷினை நிறுத்தச் சொன்னால் இலை கெட்டுப்போகும், டீமேக்கர் ஒத்துக்கொள்ள மாட்டார். அவர் பக்கம்தான் நியாயம். ஆகவே, குறித்த நேரத்துக்கு முன் டிரையரை விட்டு வந்தது தூள், மற்றதெல்லாம் பசுந்தேயிலை எடையில் தனித்தாள் என்று கோடு போட்டுக்கொள்ள வேண்டும். அந்தக் கோட்டைப் போடாமல் விட்டால் ஒரே இலை இரண்டு இடத்திலும் எண்ணப்படும்.

எந்த நாள் போனாலும் எண்ணிப் பார்க்கும் சோதனை இரண்டு திசையில் போக வேண்டும். தாளில் இருக்கும் அடுக்கைத் தேடிப் போய் எண்ணினால், இல்லாததை எழுதியிருக்கிறார்களா என்று தெரியும். கண்ணில் படும் அடுக்கிலிருந்து தாளுக்கு வந்தால், இருப்பதை விட்டுவிட்டார்களா என்று தெரியும். அடுக்கின் முகப்பை மட்டும் பார்த்து நீளம், அகலம், உயரம் பெருக்கிவிடக் கூடாது. நடு வரிசை காலியாக இருக்கலாம். மேலே ஏறி நடுவிலிருந்து ஒரு மூட்டையை உருவச் சொல்லிப் பார்த்தால் போதும். உருவியதை அப்படியே தராசில் வைக்கலாம். அதற்கு முன் தராசில் எடையளவுத் துறை முத்திரை நடப்பில் இருக்கிறதா என்று ஒரு பார்வை.

குன்னூர் ஏலத்துக்குப் போய்க் கிடங்கில் விற்காமல் கிடக்கும் சரக்குக்கு இந்த நாள் விவாதமே பொருந்தாது. விற்கும் வரை அது தொழிற்சாலையின் சரக்குதான். கிடங்குக்காரரிடமிருந்து லாட் எண்ணோடு உறுதிக் கடிதம் நேராக ஆடிட்டருக்கு வர வேண்டும், முதலாளி கை வழியாக அல்ல. தொகை பெரிதாக இருந்தால் கிடங்குக்கே போய்ப் பார்ப்பது நல்லது.

ஃபைலில் என்ன நிற்கிறது என்பதிலும் இரண்டு வழிக்கும் வித்தியாசம் உண்டு. 31 இரவு என்றால் ஃபைல் மெலிசு: கணக்கெடுப்பு உத்தரவு, அச்சிட்ட வரிசை எண்ணுள்ள எண்ணிக்கைத் தாள்களின் நகல், பயன்படுத்திய தாள் எத்தனை, திரும்பி வந்த வெற்றுத் தாள் எத்தனை என்ற குறிப்பு, கடைசிச் சீட்டு எண்கள், ஆடிட்டர் தானே எண்ணியவை, வித்தியாசம் வந்த இடத்தில் மறுபடி எண்ணியது, ஈரம் பட்ட மூட்டை, பழைய சரக்கு பற்றிய குறிப்பு. தாளில் காலி வரிகள் இருந்தால் அங்கேயே கோடு அடித்துவிட வேண்டும். இல்லையென்றால் காலையில் அந்த வரிகளில் மூட்டை முளைக்கும். 3ஆம் தேதி என்றால் இதெல்லாமும், கூடவே மூன்று நாள் கேட் ரெஜிஸ்டர், இலை எடைச்சீட்டு, உற்பத்திப் புத்தகம், பில் நகல்களும், பின்னோக்கிக் கணக்குத் தாளும். ஆடிட் அறிக்கைத் தேதியிலிருந்து 7 ஆண்டு இவற்றை வைத்திருக்க வேண்டும்.

என் கணக்கில், உதிரித் தூள் நிறையக் கிடக்கும் தொழிற்சாலை, தனியார் விற்பனை அதிகமான தொழிற்சாலை, பில் போடுபவரே ஸ்டாக்கும் எழுதும் தொழிற்சாலை, இந்த மூன்றில் எதுவாக இருந்தாலும் 31 இரவுதான். எல்லாம் மூட்டையாகி, பெரும்பகுதி ஏலத்துக்குப் போய், கேட் ரெஜிஸ்டரை வேறொரு ஆள் ஒழுங்காக எழுதும் இடமாக இருந்தால் 3ஆம் தேதி போகலாம். போனால் கிடங்குக்குள் நுழையும் முன் வாட்ச்மேன் அறையில் உட்கார்ந்து, மார்ச் 29லிருந்து அன்று காலை வரை கேட் ரெஜிஸ்டரின் பக்கங்களைப் படம் எடுத்துக்கொண்டு, அப்புறம் எண்ணத் தொடங்கலாம்.