மாமிக்கு ஒரு வரி, லண்டன் தம்பிக்கு ஒரு மின்னஞ்சல், ஊருக்கு ஒரு அட்டை: நன்றி நவிலலை மூன்றாக எழுதுவது

மட்டக்களப்புப் பக்கம் ஒரு வீட்டில் இறுதிக்கிரியை முடிந்தால், 31ம் நாள் அழைப்பிதழோடு நன்றி நவிலலும் அச்சுக்குப் போகும். அது வழமை. இப்போது இன்னொரு வழமையும் வந்துவிட்டது. அந்த அட்டையைப் படம் எடுத்து வாட்ஸ்அப்பில் எல்லோருக்கும் தட்டிவிடுகிறார்கள், வெளிநாட்டு உறவுக்கு அதே படத்தை மின்னஞ்சலில் இணைத்து அனுப்புகிறார்கள். அழைப்புச் சொல்ல அது போதும். நன்றி சொல்லப் போதாது என்பது என் கருத்து.

ஆரையம்பதியில் ஒரு வீடு என்று வைத்துக்கொள்வோம். அப்பா தவறிவிட்டார். பக்கத்து வீட்டு மாமி அன்று முழுக்கச் சோறு சமைத்துக் கொடுத்தார். லண்டனில் இருக்கும் தம்பி காசு அனுப்பினார். அப்பாவோடு அம்பாறையில் வேலை செய்தவர்கள் வான் பிடித்து வந்து போனார்கள். மலர்வளையம் வைத்தவர்கள், பதாகை கட்டியவர்கள், காத்தான்குடியிலிருந்து வந்து பந்தலில் இருந்துவிட்டுப் போன அப்பாவின் கூட்டாளிகள் என்று பட்டியல் நீளும். இவர்கள் எல்லோருக்கும் சொல்ல வேண்டிய விஷயம் ஒன்றுதான்: எங்கள் அப்பா போனபோது நீங்கள் இதைச் செய்தீர்கள், அதற்கு எங்கள் வீட்டாரின் நன்றி. இதில் ‘இதைச் செய்தீர்கள்’ என்ற பகுதிதான் முதலில் காணாமல் போகும். குறுஞ்செய்தி, மின்னஞ்சல், அட்டை மூன்றையும் ஒப்பிடும்போது நான் பார்ப்பது அதைத்தான்.

குறுஞ்செய்தியில் இடம் சின்னது. ஆங்கில எழுத்தில் 160 இடம் கிடைக்கும். ஒரே ஒரு தமிழ் எழுத்து உள்ளே வந்தாலும் முழுச் செய்திக்கும் 70 இடம்தான். கூடினால் துண்டுகளாகப் போகும், துண்டுக்கு 67. துண்டுகளை ஒட்டும் குறிப்புக்கு மிச்ச இடம் போய்விடும், காசும் துண்டுக்குத் துண்டு போகும். தமிழில் புள்ளியும் கொம்பும் விசிறியும் தனித்தனி இடம் பிடிப்பவை. ‘நன்றி’ என்று கண்ணுக்கு மூன்று எழுத்து, போனுக்கு ஐந்து.

அட்டை வசனத்தை அப்படியே இங்கே போட்டுப் பாருங்கள்: ‘எமது குடும்பத் தலைவரின் மறைவுச் செய்தி கேட்டு நேரில் வந்து அனுதாபம் தெரிவித்த அனைவருக்கும் எமது மனமார்ந்த நன்றிகள்.’ ‘அனுதாபம்’ என்ற சொல் முடியும்போதே 67 இடம் போய்விடும். நன்றி என்பது இரண்டாவது துண்டில்தான் வரும். அதைவிட, மாமி சமைத்துத் தந்த சோறு அந்த வசனத்தில் எங்கேயும் இல்லை.

மாமிக்கு இப்படி எழுதலாம்: ‘மாமி, அப்பா போன அன்று எங்களுக்குச் சோறு தந்தீங்க. நன்றி.’ இது 56 இடம். மிச்சம் 14 இடத்தில் பெயரைப் போட்டுவிடலாம், மாமியின் போனில் உங்கள் நம்பர் பதிவாகியிருக்குமோ தெரியாதே. ‘மனமார்ந்த’வும் ‘நவில்கின்றோம்’ என்பதும் போய்விட்டன. ஆனால் யார் போனார், மாமி என்ன செய்தார், யாருக்குச் செய்தார் என்ற மூன்றும் இருக்கின்றன. வாட்ஸ்அப்பில் இந்தக் கணக்கு இல்லை, என்றாலும் இதே நீளம்தான் நல்லது என்பேன். மாமியிடம் பழைய பட்டன் போன் இருந்தால் தமிழ் கட்டம் கட்டமாக வரக்கூடும். அப்படியென்றால் வேலிப் பக்கம் போய் நேரில் சொல்வதே மேல்.

மின்னஞ்சலுக்கு இட நெருக்கடி கிடையாது. அதுதான் அதன் பலவீனமும். இடம் இருக்கிறது என்று அட்டையின் பெரிய பந்தியை ஒட்டிவிடத் தோன்றும். லண்டன் தம்பிக்கு அது ஒன்றும் சொல்லாது. அவர் அந்த நாளில் இங்கே இல்லை, வர முடியவில்லையே என்ற கவலையில் இருப்பவர். அவர் அனுப்பிய காசு எங்கே போனது என்று சொல்வதுதான் அவருக்கான நன்றி. தலைப்பில் ‘வணக்கம்’ என்று போடாமல் ‘அப்பாவின் காரியம் – நன்றி’ என்று போடுங்கள். உள்ளே முதல் வசனத்திலேயே விஷயம் வரட்டும்: ‘தம்பி, அப்பா காலமான அன்றே நீ காசு அனுப்பியதால் பந்தலுக்கும் கதிரைக்கும் நாங்கள் யாரிடமும் கை நீட்டவில்லை. நன்றி.’ அதற்குக் கீழே யார் யார் வந்தார்கள், கொள்ளி வைத்தது யார், அம்மா எப்படி இருக்கிறா என்று எவ்வளவும் எழுதலாம். செலவுக் கணக்கை மட்டும் அடியில் தனியாகப் போட்டுவிடுங்கள். நன்றி வசனத்துக்குள் தொகை வந்தால் அது பற்றுச்சீட்டு மாதிரி ஆகிவிடும்.

அம்பாறைக் கூட்டாளிகளுக்கு மின்னஞ்சல் ஒன்று போதும், ஆனால் தம்பிக்கு எழுதியது அல்ல. முதல் வசனத்தில் வான் பிடித்து வந்த கதை இருக்க வேண்டும்.

அட்டை வேறு சாதி. அதில் தனித்தனியாக ஒருவர் செய்ததைச் சொல்ல முடியாது, சொல்லவும் கூடாது. ஒருவர் பெயரைப் போட்டால் விடுபட்ட பத்துப் பேர் மனம் நோவார்கள். அதனால்தான் செய்தவரை விட்டுவிட்டுச் செய்த வேலையை வகை வகையாகச் சொல்லும் வசனம் நிலைத்திருக்கிறது: ‘நேரில் வந்தும் தொலைபேசி வாயிலாகவும் அனுதாபம் தெரிவித்தோருக்கும், மலர்வளையம் சாத்தியோருக்கும், உணவு வழங்கியோருக்கும், பல வழிகளிலும் உதவியோருக்கும்…’ இதை வெறும் சடங்கு வசனம் என்று சிலர் கழிப்பார்கள். நான் கழிக்கமாட்டேன். ‘உணவு வழங்கியோர்’ என்ற வகை இருந்தால் மாமி அதில் தன்னைக் காண்பார். எல்லாவற்றையும் ‘அனைவருக்கும்’ என்று ஒரே சொல்லில் சுருக்கினால்தான் அட்டை வெறுமையாகிவிடும். கீழே ‘மனைவி, மக்கள், மருமக்கள், பேரப்பிள்ளைகள்’ என்று வரும். சொல்வது இப்போது மகன் மட்டும் அல்ல, முழு வீடு. அதனால் ‘அப்பா’ அங்கே ‘குடும்பத் தலைவர்’ ஆவதும், ‘போன’ என்பது ‘சிவபதமடைந்த’ ஆவதும் பொருத்தம்தான்.

அட்டையில் பிழை வரும் இடம் ஒன்று உண்டு. நீங்கள் போனில் தட்டுவது யுனிகோட். அச்சகத்தில் இன்னும் பாமினி எழுத்துருவில்தான் பலர் வேலை செய்கிறார்கள். பாமினியில் ‘நன்றி’ என்பது உள்ளே `ed;wp` என்றுதான் கிடக்கும், எழுத்துரு மாறினால் அது அப்படியே வெளியே வரும். அது பரவாயில்லை, பார்த்தவுடன் தெரிந்துவிடும். கண்ணில் படாமல் தப்புவது காற்புள்ளி. பாமினியில் காற்புள்ளி விசையில் இருப்பது ‘இ’. மாற்றும்போது சரியாகப் போகாவிட்டால் ‘தெரிவித்தோருக்கும்இ மலர்வளையம்’ என்று அச்சாகும். இந்த வசனத்தில் காற்புள்ளி நிறைய, அதனால் ஆபத்தும் நிறைய. மாதிரித் தாள் வந்ததும் பொருளுக்காக ஒருமுறை படியுங்கள், பிறகு ஒவ்வொரு ‘உம்’முக்குப் பின்னால் என்ன நிற்கிறது என்று மட்டும் ஒருமுறை பாருங்கள். பேரப்பிள்ளைகளின் பெயரை வீட்டில் மூத்த ஒருவர் வாய்விட்டுப் படிக்கட்டும்.

எது முதல் என்றால், மாமியின் வரியும் தம்பியின் மின்னஞ்சலும் அந்தக் கிழமையே போகட்டும். 31ம் நாள் வரை காத்திருக்கத் தேவையில்லை. அட்டை வசனத்தைக் கடைசியாக எழுதுவது எனக்குப் பிடித்த முறை. அதற்குள் யாருக்கு என்ன எழுதினோம் என்பது கையில் இருக்கும், சோறு, காசு, வான், பதாகை என்று வகை பிரித்தால் அட்டையின் பாதி தானாக வந்துவிடும். காத்தான்குடிக் கூட்டாளிகள் பந்தலில் இருந்த அந்தப் பொழுதுக்கும் ‘எம்மோடு துணை இருந்தோர்’ என்று ஒரு வகை வேண்டும் என்பது அப்போதுதான் தெரியவரும். வழமையான வசனத்தில் அது இல்லை, சேர்த்துக்கொள்ள அச்சகத்தில் யாரும் தடுக்கமாட்டார்கள்.