சென்னை வெயிலில் 2 வருடம் ஓட்டிய என்விஎம்இ டிரைவ்: ஹீட்சிங்க் போட்டால் போதுமா?

வளசரவாக்கத்தில் மொட்டை மாடிக்கு நேர் கீழே எங்கள் வீடு. ஏசி ராத்திரிக்கு மட்டும்தான். மே மாத மதியத்தில் என் அறையில் 35, 36 டிகிரி சாதாரணம். இந்த அறையில்தான் 2 வருடமாக என் கேமிங் பிசி ஓடுகிறது. பி550 மதர்போர்டு, 1 டிபி பிசிஐஇ ஜென் 4 என்விஎம்இ டிரைவ். விண்டோஸ் தனியாக ஒரு சாட்டா எஸ்எஸ்டியில் இருக்கிறது, என்விஎம்இ முழுக்க கேம்களுக்கு மட்டும். பின்னால் வரும் சோதனைகளுக்கு இந்தப் பிரிப்பு ரொம்ப உதவியது.

முதல் கோடையில்தான் பிரச்சினை தெரிந்தது. நான் அதிகம் ஆடும் ஓப்பன் வேர்ல்ட் கேம் ஒன்று, சுமார் 110 ஜிபி. பிசியை ஆன் செய்தவுடன் சேவ் கோப்பு 16 வினாடியில் லோட் ஆகும். முக்கால் மணி நேரம் ஆடிவிட்டு வரைபடத்தில் வேறு ஊருக்குத் தாவினால் 30 வினாடிக்கு மேல் போகும். அப்படிப் போய் இறங்கினால் சுவர்கள் முதலில் மழுங்கலாக நிற்கும், கொஞ்ச நேரம் கழித்துத்தான் செங்கல் தெரியும். கேம் அப்டேட்டில்தான் கோளாறு என்று நினைத்து அழித்துவிட்டு மறுபடி இன்ஸ்டால் செய்தேன். மாறவில்லை. மதியம் வரும், காலையில் வராது என்பதை என் தம்பிதான் கவனித்துச் சொன்னான். "அண்ணா, நீ ஆறு மணிக்கு ஆடும்போது இது வர்றதே இல்லை, பாத்தியா?"

அதன் பிறகுதான் வெப்பநிலையைப் பார்த்தேன். HWiNFO-வில் டிரைவுக்கு இரண்டு சென்சார்கள் தெரிந்தன. என் டிரைவில் இரண்டாவதுதான் கண்ட்ரோலரை ஒட்டிய எண், லோடிங் வரும்போது முதலில் எகிறுவது அதுதான். ஆனால் அந்த நேரத்து எண்ணை விட முக்கியமானது டிரைவ் தானே எழுதி வைத்திருக்கும் கணக்கு. அதை smartctl என்ற கமாண்ட் கருவி காட்டும். என் பிசியில் அதற்கு என்விஎம்இயின் பெயர் /dev/sdb, உங்களுடையதை smartctl --scan சொல்லும். அட்மினிஸ்ட்ரேட்டராகத் திறந்த கமாண்ட் விண்டோவில்:

```
smartctl -a /dev/sdb
```

நீளமாக வரும் பதிலில் எனக்கு வேண்டியிருந்தது இந்த மூன்று வரிகள்தான்:

```
Warning  Comp. Temp. Threshold:     84 Celsius
Warning  Comp. Temperature Time:    212
Critical Comp. Temperature Time:    0
```

முதல் வரி, இந்த டிரைவ் எந்தச் சூட்டை எச்சரிக்கை எல்லையாக வைத்திருக்கிறது என்று சொல்கிறது. இரண்டாவது வரி, அந்த எல்லையில் அல்லது அதற்கு மேல் மொத்தம் எத்தனை நிமிடம் இருந்தது என்பது. 212 என்றால் மூன்றரை மணி நேரம். இந்த எண் குறையவே குறையாது. பூஜ்யமாக இருந்தால் உங்கள் டிரைவ் பெரும்பாலும் இதுவரை அந்த எல்லையைத் தொட்டதில்லை, லோடிங் தாமதத்துக்குக் காரணத்தை முதலில் வேறு இடத்தில் தேடுங்கள். எல்லை ஒவ்வொரு மாடலிலும் வேறுபடும், அதனால் அடுத்தவருடைய 75 டிகிரியையும் நம்முடைய 75 டிகிரியையும் ஒப்பிட்டுப் பயப்பட வேண்டாம்.

டிரைவ் ஏன் சூடாகிறது என்பது எளிது. 22 மில்லிமீட்டர் அகலம், 80 மில்லிமீட்டர் நீளப் பலகை. அதில் நகத்தளவு ஒரு கண்ட்ரோலர் சிப் எல்லா வேலையையும் செய்கிறது. ஜென் 4 டிரைவ் முழு வேகத்தில் ஓடும்போது சில வாட் வெப்பம் வரும். பெரிய அளவில்லை, ஆனால் அவ்வளவு சின்ன இடத்தில் வருகிறது. எல்லை நெருங்கினால் கண்ட்ரோலர் தன் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும், கட்டளைகளுக்கு நடுவே இடைவெளி விடும். அதுதான் த்ராட்டில். டிரைவ் கெட்டுப்போகவில்லை, தன்னைக் காப்பாற்றிக்கொள்கிறது.

எனக்குப் புரியாதது வேறு. கேம் லோடிங் என்பது சில வினாடி படிப்பு மட்டும்தான். நூறு ஜிபியை நகல் எடுத்தால் சூடாவதில் நியாயம் இருக்கிறது, 16 வினாடி படித்ததற்கு 84 டிகிரியா? இதைத் தெரிந்துகொள்ள ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் முழுவதும் செலவழித்தேன்.

சும்மா இருக்கும்போது டிரைவ் 51 டிகிரி. முதல் சோதனையில் கிராபிக்ஸ் கார்டை மட்டும் முழுச் சுமையில் 40 நிமிடம் ஓட்டினேன், என்விஎம்இ டிரைவைத் தொடவே இல்லை. ஒரு பைட் கூடப் படிக்காத டிரைவ் 69-க்குப் போய் நின்றது. பிறகு எல்லாவற்றையும் ஆறவிட்டு இரண்டாவது சோதனை. கிராபிக்ஸ் கார்டு சும்மா இருக்க, கேம் கோப்புகள் சரியாக இருக்கின்றனவா என்று சரிபார்க்கும் வேலையைக் கொடுத்தேன். அது 110 ஜிபியையும் படிக்கும். டிரைவ் 67-க்குப் போய் அங்கேயே நின்றது, த்ராட்டில் வரவில்லை. ஆக, கார்டின் சூடு 18 டிகிரி சேர்க்கிறது, டிரைவின் சொந்த வேலை 16 டிகிரி சேர்க்கிறது. தனித்தனியாக எதுவும் எல்லையைத் தொடாது. ஆடும்போது இரண்டும் சேர்ந்து வருகின்றன: 51, 18, 16, கூட்டினால் 85.

காரணம் ஸ்லாட் இருக்கும் இடம். இந்த மதர்போர்டில் ஜென் 4 வேகம் தரும் எம்.2 ஸ்லாட் ப்ராசசருக்கும் கிராபிக்ஸ் கார்டுக்கும் நடுவில் இருக்கிறது. கார்டின் முதுகிலிருந்து கிளம்பும் சூடு நேராக அங்கேதான் ஏறுகிறது. மேலே ப்ராசசர் கூலர், கீழே கார்டு, நடுவில் காற்று நகராத ஒரு சந்து. அறையே 36 டிகிரி என்றால் அந்தச் சந்து எப்படி இருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. டிசம்பரில் அறை 26 டிகிரி இருக்கும்போது இதே கூட்டல் 75-இல் முடிந்துவிடும். அதனால்தான் மழைக்காலம் முழுவதும் எனக்கு ஒன்றும் தெரியவில்லை.

சரி, ஹீட்சிங்க். ரிச்சி ஸ்ட்ரீட்டில் 600 ரூபாய்க்கு ஒரு அலுமினியத் தகடு வாங்கினேன். "இதைப் போட்டா பத்து டிகிரி குறையும்ணா" என்றான் கடைப் பையன். அவன் சொன்னது பாதி உண்மை. மாட்டிய பிறகு ஒரு தடவை லோடிங் வரும்போது ஏறும் 16 டிகிரி, 6 ஆகக் குறைந்தது. வெப்பம் முதலில் அலுமினியத்துக்குள் போய்விடுவதால் சிறிய வேலைகளை அது அப்படியே உள்வாங்கிக்கொள்கிறது. ஆனால் அந்தத் தகடும் அதே சூடான சந்துக்குள்தான் இருக்கிறது. ஆட ஆட அடிப்படைச் சூடு 70, 74, 76 என்று ஏறிக்கொண்டே போனது. ஒன்றரை மணி நேரத்தில் உச்சம் 82. ஒரு நாள் ஆடிக்கொண்டிருக்கும்போதே பின்னணியில் இன்னொரு கேம் அப்டேட் ஆகி, மறுபடி 84-ஐத் தாண்டியது. படிப்பதை விட எழுதுவது இன்னும் சூடாக்கும் என்பதால் அப்டேட் ஓடும் நேரம்தான் மோசமான நேரம். ஆக, ஹீட்சிங்க் சூட்டை வெளியேற்றவில்லை, எல்லை தொடும் நேரத்தைத் தள்ளிப்போட்டது.

அப்புறம் கேபினெட்டின் முன்பக்கம் மேல் இடத்தில் ஒரு 120 மில்லிமீட்டர் ஃபேன் சேர்த்தேன். காற்று நேராக அந்தச் சந்துக்குள் போகிற உயரம். வழியில் தொங்கிய பவர் கேபிள்களைப் பின்பக்கம் தள்ளிக் கட்டினேன். அதே மே வெயிலில், இரண்டு மணி நேரம் ஆடிய பிறகு உச்சம் 69. நம்ப முடியாமல் ஹீட்சிங்க்கைக் கழற்றிவிட்டு, ஃபேனோடு மட்டும் இன்னொரு நாள் ஓட்டினேன். 76. ஃபேன் இல்லாத ஹீட்சிங்க் 82, ஹீட்சிங்க் இல்லாத ஃபேன் 76. என் கேபினெட்டில் எதை முதலில் வாங்கியிருக்க வேண்டும் என்பது இந்த இரண்டு எண்களிலேயே இருக்கிறது.

செலவில்லாத வழி ஒன்றையும் முயன்றேன். டிரைவைக் கீழ் ஸ்லாட்டுக்கு மாற்றினேன். பி550-இல் அது சிப்செட் வழியாக வரும் ஜென் 3 ஸ்லாட், உச்ச வேகம் ஏறக்குறைய பாதிதான். அதே சேவ் கோப்பு அங்கே 16 வினாடிக்குப் பதிலாக 17 வினாடி எடுத்தது. லோடிங் நேரத்தின் பெரும்பகுதி படித்ததை ப்ராசசர் விரித்தெடுப்பதில் போகிறது, டிரைவின் வேகம் அங்கே கழுத்தைப் பிடிப்பதில்லை. என் போர்டில் அந்த ஸ்லாட் கார்டின் நேர் கீழே இல்லாமல் ஓரமாக இருப்பதால் சூடும் குறைவு. ஃபேன் வைக்க இடமே இல்லாத கேபினெட் என்றால், குளிர்ந்த ஜென் 3 ஸ்லாட்டையே தேர்ந்தெடுப்பேன். மதியத்தில் 30 வினாடிக்குப் போவதை விட எப்போதும் 17 வினாடி மேல்.

ஹீட்சிங்க் மாட்டுபவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். போன மாதம் நண்பன் தன் பிசியைக் கொண்டுவந்தான். மதர்போர்டோடு வந்த பெரிய ஹீட்சிங்க் போட்டும் டிரைவ் 84 தொடுகிறது என்றான். திருகைக் கழற்றித் தகட்டைத் தூக்கினேன். தெர்மல் பேடின் மேல் மெல்லிய நீல பிளாஸ்டிக் உறை அப்படியே ஒட்டியிருந்தது. பேடில் சிப்பின் அச்சே விழவில்லை. உறையை உரித்து மறுபடி அழுத்தித் திருகினோம், ஒரு நாள் கழித்துத் திறந்து பார்த்தபோது கண்ட்ரோலரின் சதுரம் பேடில் பள்ளமாகப் பதிந்திருந்தது. அந்தச் சதுரம் தெரிந்தால்தான் வெப்பம் ஏறுகிறது என்று அர்த்தம். அதே நேரம், டிரைவின் மேல் இருக்கும் கம்பெனி லேபிளை உரிக்காதீர்கள். பல டிரைவ்களில் அதை உரித்தால் வாரண்டி போய்விடும், சிலவற்றில் அந்த லேபிளுக்குள்ளேயே வெப்பத்தைப் பரப்பும் செம்புத் தகடு இருக்கிறது.

ஜென் 5 டிரைவுக்கு நான் சொன்னது பொருந்தாது. முதலில் வந்த ஜென் 5 டிரைவ்களின் வெப்பம் அதிகம், அவற்றை ஹீட்சிங்க் இல்லாமல் ஓட்டவே கூடாது. பிஎஸ்5-இல் போடுவதற்கும் ஹீட்சிங்க் கட்டாயம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஜென் 3 டிரைவ், காற்று நன்றாகப் போகும் கேபினெட் என்றால் அந்த 600 ரூபாயை மிச்சப்படுத்தலாம்.

இரண்டாவது கோடை இப்போது முடியப்போகிறது. ஆற்காடு சாலையில் மெட்ரோ வேலை நடந்த காலத்தில் முன்பக்க ஃபில்டர் ஆறு வாரத்தில் சாம்பல் நிறப் போர்வை போல ஆகிவிடும், அடைத்துவிட்டால் உச்சம் 69-இலிருந்து 75-க்கு வந்துவிடும். அதனால் மாதத்தின் முதல் ஞாயிறு ஃபில்டரைக் கழற்றிக் கழுவி, நிழலில் காயவைத்து மாட்டுகிறேன். நேற்று மதியம் அறை 36 டிகிரி. இரண்டு மணி நேரம் ஆடிவிட்டு smartctl ஓட்டிப் பார்த்தேன். அந்த இரண்டாவது வரி, போன வருடம் ஃபேன் போட்ட அன்று எந்த எண்ணில் இருந்ததோ அதே எண்ணில்தான் நிற்கிறது.