‘டியா’ என்றால் அவனா, அவளா, அவரா?

“தம்பி, என் பேத்திக்கு என்ன மருந்து கொடுத்திருக்கிறார்கள்?” காரைக்குடியிலிருந்து சிங்கப்பூரின் ஜூரோங் வெஸ்ட்டில் உள்ள மகள் வீட்டுக்கு வந்து தங்கியிருக்கும் ஓர் அம்மா, ஒரு காலைப்பொழுதில் கைபேசியில் இப்படிக் கேட்டார். கூடவே ஒரு படத்தையும் அனுப்பியிருந்தார். வீட்டுப் பணிப்பெண் ஈரச்சந்தைக்குப் போகும்முன் குளிர்பதனப் பெட்டியில் ஒட்டிவிட்டுப் போன சீட்டு அது. இந்தோனேசிய மொழியில் நான்கு வரிகள். அந்த அம்மாவுக்குத் தமிழ் மட்டுமே படிக்கத் தெரியும். கைபேசிச் செயலியில் படத்தைக் காட்டியிருக்கிறார். ‘அவள் காலையில் சாப்பிட விரும்பவில்லை, மருந்து கொடுத்துவிட்டேன்’ என்று வந்திருக்கிறது. வீட்டில் ‘அவள்’ என்று சொல்லத்தக்கவள் எட்டு வயதுப் பேத்தி மட்டும்தான்.

சீட்டில் ‘அவள்’ என்று எங்கும் இல்லை. இருந்தது ‘டியா’ என்ற சொல். மலாயிலும் அதன் உடன்பிறப்பான இந்தோனேசிய மொழியிலும் அவன், அவள், அவர் எல்லாமே டியாதான். ‘பெலியாவ்’ என்ற மரியாதைச் சொல் ஒன்று உண்டு. அதைத் தலைவர்களையும் பெரியவர்களையும் பற்றி எழுதும்போது பார்க்கலாம், சமையலறைச் சீட்டில் எதிர்பார்க்க முடியாது. வினைச்சொல்லும் துப்புக் கொடுக்காது. நம் வினைமுற்று வந்தான், வந்தாள், வந்தார் என்று வாலிலேயே ஆளைக் காட்டிவிடும். அவர்களுடையதோ யாருக்கும் ஒரே வடிவில் நிற்கும். மூலம் சொல்லாமல் விட்டதைத் தமிழ் சொல்லியே ஆக வேண்டும் என்கிறது. அங்கேதான் மொழிபெயர்ப்பவர் முடிவெடுக்க வேண்டியிருக்கிறது.

சொல்லுக்குச் சொல் வைத்தால் சீட்டு இப்படி இருக்கும்:

இன்று காலை டியா சாப்பிட விருப்பமில்லை.
மருந்து நான் 8 மணிக்குக் கொடுத்தாயிற்று.
ஆடிக் போன், டியா சொல்ல 5 மணிக்கு வீடு திரும்ப.
தயவு, டியாவிடம் கேட்க, டாக்டரிடம் போக வேண்டுமா இல்லையா.

மூன்று டியா, ஓர் ஆடிக். ஆடிக் என்றால் தனக்கு இளைய உடன்பிறப்பு. தம்பியும் ஆகலாம், தங்கையும் ஆகலாம். வீட்டின் கடைக்குட்டியையும் அப்படி அழைப்பார்கள். இதைத் தமிழில் கொண்டுவர நான்கு வழிகள் உண்டு. நான்கையும் இந்தச் சீட்டிலேயே வைத்துப் பார்த்தேன்.

முதல் வழி, எல்லோரையும் ‘அவர்’ ஆக்குவது. மொழிபெயர்ப்பாளர்களில் பலர் கை வைப்பது இதில்தான், காரணமும் நியாயமானது. பெரியவரைத் தவறி ‘அவன்’ என்று எழுதிவிட்டால் அந்தக் காயம் ஆறாது. சிறுவனை ‘அவர்’ என்று எழுதினால் யாருக்கும் நோகாது. எழுத்துத் தமிழில் ‘அவர்’ ஆணுக்கும் பெண்ணுக்கும் பொது என்பதும் உண்மை. ஆனால் காதுக்கு அது முழுப் பொது இல்லை. பேச்சில் ஆணுக்கு ‘அவரு’, பெண்ணுக்கு ‘அவங்க’ என்று பழகியவர்கள் ‘அவர் வந்தார்’ என்று படித்ததும் மனத்தில் ஓர் ஆணைத்தான் பார்க்கிறார்கள். அதைத் தவிர்க்க ‘அவர்கள்’ என்று போட்டால் பலர் என்று பொருள்பட்டுவிடும். ‘அவர்கள் சாப்பிடவில்லை’ என்றால் எத்தனை பேர் பட்டினி?

இந்தச் சீட்டில் அதைவிடப் பெரிய குறை வேறு. மூன்று டியாவையும் ‘அவர்’ ஆக்கினால், சாப்பிடாதவரும் போன் செய்தவரும் டாக்டரைப் பற்றிக் கேட்கப்பட வேண்டியவரும் ஒரே ஆளாகத் தெரிவார்கள். மரியாதை காப்பாற்றப்பட்டது; செய்தி குழம்பியது.

இரண்டாவது வழி, ‘அவன்/அவள்’ என்று கோடு போட்டு இரண்டையும் எழுதுவது. நேர்மையான வழிபோலத் தோன்றும். தமிழில் இது நிற்காது என்பது என் முடிவு. பிரதிப்பெயரில் கோடு போட்டால் வினையிலும் போட வேண்டும்: ‘சொன்னான்/சொன்னாள்’. மரியாதையும் தெரியாதபோது ‘சொன்னார்’ மூன்றாவதாக வந்து சேரும். கண்ணாடி போட்டுக்கொண்டு கைபேசியில் படிக்கும் எழுபது வயதுக்காரருக்கு இதை அனுப்ப எனக்கு மனம் வராது. நிரப்ப வேண்டிய படிவங்களில் ‘மகன்/மகள்’ என்று இருப்பது சரிதான், படிப்பவர் ஒன்றை அடித்துவிடலாம். அங்கும்கூட, பள்ளிக் கடிதத்தில் ‘ஆனாக்’ என்று வந்தால் ‘உங்கள் பிள்ளை’ என்று எழுதிவிட்டால் கோட்டுக்கே வேலையில்லை. ‘சூச்சு’ என்றால் ‘பேரப்பிள்ளை’. ஆடிக்குக்குத்தான் நம்மிடம் அப்படி ஒரு நாள்வழக்குச் சொல் இல்லை.

மூன்றாவது வழி எனக்கு மிகப் பிடித்தது: ஆளைக் காட்டாத வடிவங்களில் எழுதுவது. தமிழ் வினை எப்போதும் பாலைக் காட்டும் என்று நாமே நம்பிக்கொண்டிருக்கிறோம். எதிர்மறையைப் பாருங்கள். ‘சாப்பிடவில்லை’ என்பது நான், நீ, அவன், அவள், அவர் எல்லோருக்கும் ஒன்றே. வேண்டும், கூடாது, முடியும், முடியாது, போகலாம் ஆகியவையும் அப்படியே. ‘-க்கு’ உருபு ஏற்று வரும் தெரியும், பிடிக்கும், வலிக்கிறது போன்றவற்றிலும் வினை ஆளோடு ஒட்டுவதில்லை. எழுவாயை விட்டுவிடவும் நம் மொழி தாராளமாக இடம் தருகிறது.

ஆகவே முதல் வரி: ‘இன்று காலை சாப்பிட விரும்பவில்லை.’ ‘சாப்பிட மறுத்தார்’ என்றால் ஆள் தெரிந்துவிடும். ‘விரும்பவில்லை’ என்றால் தெரியாது, பொருளும் மூலத்துக்கு இன்னும் நெருக்கம். இரண்டாவது வரி, ‘8 மணிக்கு மருந்து கொடுத்துவிட்டேன்.’ தன்மையில் பால் இல்லை. மூன்றாவது, ‘ஆடிக்கிடமிருந்து போன் வந்தது, வீடு திரும்ப 5 மணி ஆகுமாம்.’ வந்தது போன், ஆகும் மணி. மனிதர் யாரும் வினைக்குள் சிக்கவில்லை. நான்கில் மூன்று வரிகள் எந்த ஊகமும் இல்லாமல் நல்ல தமிழில் வந்துவிட்டன.

நான்காவது வரியில் இந்த வழி தடுக்கி விழுகிறது. ‘டாக்டரிடம் போக வேண்டுமா என்று கேளுங்கள்.’ யாரிடம்? அதைத்தான் அந்த அம்மா தெரிந்துகொள்ள வேண்டும். ஆளை மறைத்து எழுதுவது, ஆள் முக்கியமில்லாத வரிக்குப் பொருந்தும். ஆளே செய்தியாக இருக்கும் வரியில் அது செய்தியையே விழுங்கிவிடும்.

மிச்சமிருப்பது நான்காவது வழி: சான்று தேடி, கிடைத்தால் துணிந்து முடிவெடுப்பது. சான்று பெரும்பாலும் படத்தின் ஓரத்தில்தான் இருக்கும். எழுத்து தெளிவாக விழட்டும் என்று எல்லோரும் கைபேசியை நெருக்கிப் பிடிக்கிறார்கள். தலைப்பும் கையொப்பமும் முகவரியும் வெட்டுப்பட்டுப் போகின்றன. மலாய்ப் பெயரில் ‘பின்’ என்றால் ஆண், ‘பிந்தி’ என்றால் பெண். ‘என்சிக்’, ‘புவான்’ என்ற அடைமொழிகளும் அதையே சொல்லும். சீனக் கடிதமாக இருந்தால் நிலைமை இன்னும் எளிது. அவன், அவள் இரண்டுக்கும் ஒலி ‘தா’ என்ற ஒன்றே. ஆனால் எழுத்து வேறு வேறு, பெண்ணுக்குரியதில் பெண் என்ற உறுப்பு இடப்பக்கம் நிற்கும். ‘நீங்கள்’ என்ற மரியாதை எழுத்தின் அடியிலோ இதயம் என்ற உறுப்பு இருக்கும். குரல்பதிவில் கிடைக்காத விடை அங்கே படத்தில் கிடைக்கும்.

“அம்மா, சீட்டு முழுவதும் தெரியும்படி இன்னொரு படம் எடுத்து அனுப்புங்கள்” என்றேன். இரண்டாவது படத்தில், முதல் படத்தில் விழாத ஒரு வரி மேலே இருந்தது: ‘பூ, இது காக்கேக் பற்றி.’ ‘பூ’ என்பது அம்மா என்ற மரியாதை விளி. காக்கேக் என்றால் தாத்தா. சாப்பிடாதவரும் மருந்து எடுத்துக்கொண்டவரும் மாப்பிள்ளையின் அப்பா, அதாவது இந்த அம்மாவின் சம்பந்தி. முதல் டியா ‘அவர்’ ஆகிவிட்டது; சம்பந்தியை வேறு எப்படியும் எழுத முடியாது. அந்த அம்மா பெருமூச்சு விட்டது எனக்குக் கேட்டது.

ஆடிக் யார் என்பதற்குப் படத்தில் விடை இல்லை. கேட்டேன். “பேத்தியைத்தான் அந்தப் பெண் அப்படிக் கூப்பிடுகிறாள். பள்ளி முடிந்து மாணவர் பராமரிப்பு நிலையத்தில் இருந்துவிட்டு வருவாள்” என்றார். இரண்டாவது டியா ‘அவள்’. மூன்றாவதற்கு மட்டும் யோசனை தேவைப்பட்டது. இலக்கணப்படி அருகிலிருக்கும் பெயர் ஆடிக். ஆனால் டாக்டர் வேண்டுமா என்று எட்டு வயதுப் பிள்ளையிடம் கேட்கச் சொல்ல மாட்டார்கள்; சீட்டும் தாத்தாவைப் பற்றியது. ஆகவே தாத்தா. ஆடிக் என்பது மாப்பிள்ளையின் தம்பியாக இருந்திருந்தால் இந்த முடிவு தலைகீழாகியிருக்கும். அதனால் இந்த வரியில் ‘அவரிடம்’ என்று எழுதாமல் ‘தாத்தாவிடம்’ என்று பெயரையே போட்டேன், இது என் ஊகம் என்றும் தனியாகச் சொன்னேன். படிப்பவர் தவறைப் பிடிக்க வேண்டுமானால் ஊகம் வெளியே தெரிய வேண்டும். ‘அவள்’ என்று செயலி போட்டபோது, அது மூலத்தில் இருந்ததா, நடுவில் முளைத்ததா என்று அறிய அந்த அம்மாவுக்கு வழியே இருக்கவில்லை.

இனி ‘கேள்’ என்பதை எந்த மரியாதையில் எழுதுவது? கேள், கேளுங்கள், கேட்கவும் என மூன்று வடிவங்கள். ‘-வும்’ இங்கே அடுக்குமாடிக் கீழ்த்தளத்து அறிவிப்புகளில் நாம் தினமும் பார்ப்பது. யாரையும் குறிப்பாக நோக்காத அறிவிப்புக்கு அது நல்ல வடிவம். ஒரு வீட்டுக்குள் ஒருவர் இன்னொருவருக்கு எழுதும் சீட்டில் அது அதிகாரிக் குரலாக ஒலிக்கும். மூலத்திலேயே தடயம் இருக்கிறது. பணிப்பெண் ‘நான்’ என்பதற்கு ‘சாயா’ என்று எழுதியிருக்கிறார். நெருக்கத்தில் சொல்லும் ‘ஆக்கு’ இல்லை. ‘பூ’ என்ற விளியும் சேர்ந்தபின் ‘கேளுங்கள்’ தவிர வேறில்லை. ‘தோலோங்’ என்ற சொல்லை ‘தயவுசெய்து’ என்று தனியாகக் கொண்டுவர வேண்டியதில்லை, ‘-உங்கள்’ அந்தப் பணிவைச் சுமந்துவிடுகிறது. மருந்து கொடுத்ததற்கு ‘காசி’ என்ற பேச்சுச் சொல் இருந்ததால் ‘வழங்கினேன்’ போன்ற விறைப்பான சொல்லும் ஒட்டாது.

ஆக, தெரியாத பெரியவருக்கு ‘அவர்’; ஆள் முக்கியமில்லாத வரியில் ஆளைக் காட்டாத வினை; ஆளே செய்தியாக இருக்கும் வரியில் பெயர் அல்லது உறவுமுறை. கோடு போட்ட இரட்டை வடிவத்துக்குப் படிவத்துக்கு வெளியே இடமில்லை. அன்று நான் அனுப்பியது இதுதான்:

‘அம்மா, இது தாத்தாவைப் பற்றி. இன்று காலை அவர் சாப்பிட விரும்பவில்லை. 8 மணிக்கு மருந்து கொடுத்துவிட்டேன். பாப்பா போன் செய்தாள், 5 மணிக்கு வீடு திரும்புவதாகச் சொன்னாள். டாக்டரிடம் போக வேண்டுமா என்று தாத்தாவிடம் கேளுங்கள்.’

கீழே, ‘கடைசி வரியில் தாத்தா என்பது நான் புரிந்துகொண்டது, அந்தப் பெண் வந்ததும் உறுதி செய்துகொள்ளுங்கள்’ என்று சேர்த்தேன். பதினொரு மணிக்குப் பதில் வந்தது. தாத்தாவைத்தான் சொன்னாளாம், கஞ்சி குடித்துவிட்டார், டாக்டர் வேண்டாம் என்கிறாராம்.