எதற்கும் 'சரி' சொல்லும் துணை: வாராவாரம் உட்கார்ந்து பேசுவதா, கேட்கும் விதத்தை மாற்றுவதா?

என் கணவர் எதற்கும் மறுப்புச் சொல்லாதவர். வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்கு இது கொடுப்பினை. கூடக் குடும்பம் நடத்துகிறவர்களுக்குத்தான் தெரியும், சொல்லாமல் விழுங்கிய ஒவ்வொரு 'முடியாது'ம் எங்கோ ஒரு கணக்கில் ஏறிக்கொண்டே போகும் என்பது. கட்டில்மேல் கிடந்த ஈரத்துண்டில் தொடங்கும் சண்டை, இரண்டு வருடத்துக்கு முன்பு போன ஒரு பயணத்தில் போய் நிற்கும். "அன்னைக்கே எனக்குப் பிடிக்கலை" என்பார். அன்றைக்குக் கேட்டபோது "போலாம்மா, எனக்கென்ன" என்று சொன்னவரும் அவர்தான்.

இதைச் சமாளிக்கப் பொதுவாக மூன்று வழிகளைச் சொல்வார்கள். மூன்றையும் எங்கள் வீட்டில் செய்து பார்த்தாகிவிட்டது. நான் மூன்றாவதன் பக்கம் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

முதல் வழி, "மனசுல இருக்கறதைச் சொல்லுங்க" என்று கேட்டுக்கொண்டே இருப்பது. இதற்கு அதிக இடம் தேவையில்லை. மற்றவர் விருப்பத்துக்கு வளைந்தே பழகியவரிடம் இதுவும் இன்னொரு கோரிக்கைதான். நமக்கு எந்தப் பதில் நிம்மதி தருமோ அதைக் கண்டுபிடித்துச் சொல்லிவிடுவார். பெரும்பாலும் அது "ஒண்ணும் இல்லைம்மா" என்பதாகத்தான் இருக்கும்.

இரண்டாவது, வாரத்துக்கு ஒருநாள் உட்கார்ந்து, அந்த வாரம் எது உறுத்தியது என்று இருவரும் பேசுவது. இதை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். பழைய மனத்தாங்கல்களை வெளியே கொண்டுவர இதைவிட நல்ல ஏற்பாடு எனக்குத் தெரியாது. சிக்கல், அது வரும் நேரத்தில்தான். ஞாயிற்றுக்கிழமை பேச உட்காரும்போது செவ்வாய்க்கிழமையே சரி சொல்லியாகிவிட்டது. அதனால் அங்கே வருவது மறுப்பாக இருக்காது, குறையாகத்தான் இருக்கும். குறை சொல்வது மறுப்பதைவிடக் கடினமான வேலை. வாய்விட்டு 'வேண்டாம்' சொல்லவே முடியாத ஒருவரிடம், "நீ செய்ததில் எனக்கு வருத்தம்" என்று எதிரே உட்கார்ந்து சொல்லச் சொல்கிறோம். எங்கள் வீட்டில் அந்தப் பேச்சில் பாதிக்குமேல் நான்தான் பேசினேன். அவர் தலையாட்டினார்.

மூன்றாவது, கேள்வி கேட்கும் விதத்தையே மாற்றுவது. ஓர் உதாரணத்தோடு சொன்னால்தான் விளங்கும். என் அக்கா குடும்பத்தோடு வந்து ஒரு வாரம் தங்கலாமா என்று கேட்டிருந்தாள். பழைய முறையில் நான், "அக்கா வர்றேங்கறா, உங்களுக்கு ஓகேதானே?" என்று கேட்டிருப்பேன். அந்தத் 'தானே'யிலேயே பதில் இருக்கிறது. அவரும் "வரட்டும்மா" என்று முடித்திருப்பார்.

அந்தச் சரி உண்மையானதா என்று கண்டுபிடிக்க நான் பார்த்தவரை ஒரே அடையாளம்தான். உண்மையான சம்மதம் கேள்வியோடும் நிபந்தனையோடும் வரும். "எத்தனை நாள்? எந்த ரூம்? அந்த வாரம் எனக்கு ஆபீஸ்ல வேலை ஜாஸ்தி, பரவாயில்லையா?" என்றெல்லாம் கேட்பார்கள். வாயை மூட வரும் சம்மதத்தில் இது எதுவும் இருக்காது. கேட்டு முடிக்கும் முன்பே வந்துவிடும், வழவழவென்று இருக்கும். பிறகு வேலையெல்லாம் ஒழுங்காக நடக்கும், ஆனால் கதவு சாத்தும் சத்தம் மட்டும் வழக்கத்தைவிடக் கூடுதலாகக் கேட்கும்.

புதிய முறையில் நான் செய்தது இது. முதலில், அன்றைக்கே பதில் கேட்கவில்லை. "நாளைக்குக் காலையில சொல்லுங்க, அதுவரைக்கும் நான் அக்காவுக்கு எதுவும் சொல்லலை" என்றேன். எதிரில் நிற்பவர் முகத்தைப் பார்த்துப் பதில் சொல்வதுதான் இவர்களுடைய பழக்கம். முகத்தை நகர்த்திவிட்டால்தான் தன் விருப்பம் என்னவென்றே அவர்களுக்குத் தெரிய வரும். அடுத்து, 'வரலாமா வேண்டாமா' என்பதை எடுத்துவிட்டு மூன்று வாய்ப்புகளை வைத்தேன்: ஒரு வாரம் இங்கே தங்குவது, இரண்டு நாள் மட்டும் தங்குவது, அல்லது நாங்கள் அங்கே போய்வருவது. ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 10 வரை எண் போட வேண்டும். 5 போடக் கூடாது, ஏனென்றால் அதுதான் ஒளிந்துகொள்ள வசதியான இடம். இருவரும் தனித்தனியாக எழுதி ஒரே நேரத்தில் காட்ட வேண்டும். இந்தக் கடைசி விதி விளையாட்டுபோலத் தெரியும், ஆனால் இதை விட்டால் மொத்தமும் வீண். நான் முதலில் 9 என்று சொல்லிவிட்டால் அவருடையது 8 என்று வரும்.

மறுநாள் ஒரு வாரம் தங்குவதற்கு அவர் எழுதியிருந்தது 3. இரண்டு நாளுக்கு 8. காரணம் கேட்டதற்கு, விருந்தாளிகள் இருக்கும்போது ராத்திரி தனியாக உட்கார இடமே இல்லை என்றார். அக்காமேல் அவருக்கு எந்த மனக்குறையும் இல்லை. பழைய முறையில் இது ஒரு வருடம் கழித்து, "உன் வீட்டு ஆளுங்கன்னா மட்டும்…" என்று தொடங்கும் வாக்கியமாக வந்திருக்கும்.

எந்த முறையாக இருந்தாலும் நிற்பதா விழுவதா என்பதை ஒன்றுதான் தீர்மானிக்கிறது. முதல் 'வேண்டாம்' வந்தபின் அடுத்த பத்து நிமிடம் என்ன நடக்கிறது என்பது. மறுப்புச் சொல்லாதவர்களுக்குச் சொல்லத் தெரியாது என்று நினைக்கிறோம். அப்படியில்லை, அதற்கு ஒரு விலை இருக்கிறது என்று தெரிந்து வைத்திருக்கிறார்கள். அந்த விலை சண்டையாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. ஒரு பெருமூச்சு போதும். "சரி, பரவாயில்லை, நான் அவளுக்கு எப்படியாவது சொல்லிக்கறேன்" என்ற ஒரு வாக்கியம் போதும். 'ஏன்' என்ற கேள்விகூட, நான்கு முறை வந்தால் விசாரணையாகிவிடும். இரண்டு நாள் கழித்துச் சிரித்துக்கொண்டே "நீங்கதான் வேண்டாம்னுட்டீங்களே" என்று சொன்னால், அடுத்த ஆறு மாதத்துக்கு 8க்குக் கீழே எண்ணே வராது. அதனால் எங்கள் வீட்டு ஏற்பாடு: 'வேண்டாம்' வந்தால் ஒரே ஒரு கேள்வி, அதுவும் அடுத்து என்ன செய்யலாம் என்பதற்காக மட்டும். பிறகு அன்றைக்கு அந்தப் பேச்சை எடுப்பதில்லை. ஏமாற்றம் எனக்கு இருக்கும், அதை மறைக்கவும் வேண்டியதில்லை. "எனக்குக் கொஞ்சம் வருத்தம்தான், ஆனா சொன்னது நல்லது" என்று சொல்லிவிடலாம். அதைச் சரிசெய்வது அவர் வேலை என்று ஆகிவிடக் கூடாது, அவ்வளவுதான்.

வாரப் பேச்சு இந்த இடத்தில்தான் பின்தங்குகிறது. அங்கே மறுப்பின் விலை குறைவதில்லை, ஞாயிற்றுக்கிழமைக்குத் தள்ளிப்போகிறது.

விட்டுக்கொடுப்பதே தவறு என்று யாரும் இதிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டாம். 2005இல் எமிலி இம்பெட், ஷெல்லி கேபிள், ஆன் பெப்லாவ் மூவரும், காதல் உறவில் இருந்தவர்கள் தினமும் செய்த விட்டுக்கொடுத்தல்களைப் பற்றி ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். துணை சந்தோஷப்பட வேண்டும் என்று விட்டுக்கொடுத்த நாட்களில் மனநிறைவு கூடியது. சண்டை வரக் கூடாது, துணை வருத்தப்படக் கூடாது என்று விட்டுக்கொடுத்த நாட்களில் மனக்கசப்பும் சச்சரவும்தான் கூடின. தவிர்க்க நினைத்ததே வந்து சேர்ந்தது. செய்த காரியம் ஒன்றாகவே இருக்கலாம், எதற்காகச் செய்தார் என்பதில்தான் வித்தியாசம். என் கணவர் அக்கா வருகைக்கு 8 போட்டிருந்து, அலுப்போடுகூட விருந்து கவனித்திருந்தால் அதில் எனக்குக் கவலையில்லை.

வெடிப்பு வந்தேவிட்டால் என்ன செய்வது என்பதில் மூன்று வழிகளுக்கும் வித்தியாசம் இல்லை. பட்டியல் கொட்டும்போது ஒவ்வொன்றாகப் பதில் சொல்ல ஆரம்பித்தால் பட்டியல் நீளும். "அன்னைக்கு நீங்கதானே சரின்னு சொன்னீங்க" என்பது எவ்வளவு உண்மையாக இருந்தாலும் அந்த நேரத்தில் எண்ணெய்தான். தம்பதிகளின் சண்டைகளைப் பல காலம் ஆய்வு செய்த ஜான் காட்மன், உடம்பு படபடப்பில் இருக்கும்போது குறைந்தது 20 நிமிடம் விலகியிருக்கச் சொல்கிறார். அதற்குமுன் பேசுவதில் பயனில்லை என்பது எங்கள் அனுபவமும்கூட. ஆனால் உண்மையான ஆபத்து மறுநாள்தான். வெடித்தவருக்கு அவமானமாகிவிடும். "நான் சொன்னதெல்லாம் விட்டுடு, ஏதோ டென்ஷன்" என்று எல்லாவற்றையும் சேர்த்துத் திரும்ப வாங்கிக்கொள்வார். நமக்கும் அது நிம்மதியாக இருக்கும், சரி என்று விட்டுவிடுவோம். அங்கேயே அடுத்த கணக்கு தொடங்கிவிடும். அதனால் நான் இரண்டையும் பிரித்துவிடுகிறேன்: "கத்தினதுக்கு மன்னிப்புக் கேட்டது சரி. சொன்ன விஷயத்துக்குக் கேட்க வேண்டாம், அது அப்படியே இருக்கட்டும்." அந்தப் பட்டியலைப் பேச வாரப் பேச்சு ரொம்பவே உதவுகிறது. அதனால் அதை முழுக்கக் கைவிடாமல் கால்மணி நேரமாகச் சுருக்கிப் பழைய விஷயங்களுக்கு மட்டும் வைத்திருக்கிறோம்.

மூன்றாவது வழியின் குறைகளும் எனக்குத் தெரியும். முதல் சில வாரங்கள் கேட்பவருக்குக் கஷ்டம். அடக்கி வைத்திருந்த மறுப்புகள் கொத்தாக வரும், சொல்லும் விதமும் கரடுமுரடாக இருக்கும், பழக்கமில்லாதவர்கள் வேறெப்படிச் சொல்வார்கள். சினிமாவுக்கு 'வேண்டாம்', நடைக்கு 'வேண்டாம்' என்று வரும்போது ஆளே மாறிவிட்டாரோ என்று தோன்றும். இரண்டாவது, உழைப்பெல்லாம் கேட்பவர் தலையில். களைப்பாக இருக்கும் நாளில் 'ஓகேதானே' என்று கேட்கத்தான் வாய் போகும். சின்ன விஷயங்களுக்கெல்லாம் எண் கேட்டால் இருவருக்கும் சலித்துவிடும். நேரம், பணம், வீட்டுக்கு ஆள் வருவது ஆகிய மூன்றுக்கு மட்டும் நாங்கள் வைத்திருக்கிறோம்.

இன்னொன்று, இது நான் கேட்கும் விஷயங்களுக்குத்தான் செல்லுபடியாகும். அவருடைய அண்ணனும் அலுவலக நண்பர்களும் எண் கேட்டுக்கொண்டிருக்க மாட்டார்கள். அங்கே இன்னும் 'சரி'தான் போய்க்கொண்டிருக்கிறது, அதன் பாரம் வீட்டுக்கு வருகிறது. "வீட்ல கேட்டுட்டுச் சொல்றேன்" என்ற பதிலை மட்டும் வேண்டாம் என்று பேசி வைத்திருக்கிறோம். அதில் மறுப்பு என் பெயரில் போய்விடும். "நாளைக்குச் சொல்றேன்" என்பதே போதும். சில நேரம் சொல்கிறார், பல நேரம் மறந்துவிடுகிறார்.

ஆலோசகரிடம் போவதை நான்காவது வழியாகச் சேர்க்கவில்லை, நாங்கள் போனதில்லை. ஆனால் ஒரு விஷயத்தை யாரும் குழப்பிக்கொள்ளக் கூடாது. ஒருவர் 'சரி' சொல்வது, மறுத்தால் அடியோ மிரட்டலோ பணத்தை நிறுத்துவதோ வரும் என்பதால் என்றால், எண் போட்டுக் காட்டச் சொல்வது அவரை இன்னும் சிக்க வைக்கும். அங்கே இருவரையும் சேர்த்து உட்கார வைக்கும் எந்த முறையும் சரிப்படாது. அவர் தனியாக, பாதுகாப்பான இடத்தில் உதவி கேட்கத்தான் வழி செய்ய வேண்டும்.