தலைச்சொல்லா, முழு அகராதியா?

உசிலம்பட்டிப் பக்கத்துத் தானிய அளவைகளை ஆராய்ந்த மதுரை மாணவி ஒருவர், ‘படி’ என்ற சொல்லின் பொருளுக்குச் சான்றாக, 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாக வெளிவந்த சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரகராதியின் பெயரை மட்டும் குறித்திருந்தார். அந்நூலில் ‘படி’ ஒரே பதிவாக இல்லை. வாசித்தலும் மாடிப்படியும் முகத்தலளவையும் ஒரே எழுத்தமைப்பில் வருவதால், ஒத்த வடிவச் சொற்களை எண்ணிட்டுப் பிரித்திருக்கிறார்கள். ஆகவே தொகுதி, தலைச்சொல், அதன் எண் ஆகிய மூன்றையும் தராவிட்டால், சரிபார்க்க வருபவர் எந்தப் பதிவை நம்புவது?

அகராதிப் பதிவில் பொதுவாக ஆசிரியர் பெயர் இராது. எனவே நூற்பெயரை முதலில் வைத்து, தொகுதியையும் சொல்லின் எண்ணையும் சேர்த்து, ‘படி என்னும் சொல்லின் கீழ்’ என்று அடிக்குறிப்பில் எழுதுவதே போதும். கலைக்களஞ்சியக் கட்டுரையில் எழுதியவர் பெயர் இருந்தால், அவரையே முதலில் குறிக்க வேண்டும். பதிப்பாசிரியர் பெயரில் அதைச் சேர்ப்பது எழுதியவரின் உழைப்பை மறைப்பதாகும்.

முழு நூலைச் சுட்டுவது தவறன்று. அகராதி சொற்களைத் தொகுத்த முறையையே ஆராயும்போதும், நூற்றுக்கணக்கான சொற்களுக்கு ஒரே பதிப்பைப் பயன்படுத்தியதை முன்னுரையில் அறிவிக்கும்போதும் அதுவே பொருத்தம். அந்த மாணவி அளவைப் பொருள் தரும் பதிவின் எண்ணைத் தேடிச் சேர்த்தார். நூற்பட்டியலில் பேரகராதி ஒருமுறை மட்டும் நின்றது.