கேமரா கண்ணாடி மட்டும் மாத்த குடுத்தா கேமராவையே காலி பண்ணிடுறாங்க, ஜாக்கிரதை

போன் பின்பக்கம் கேமரா மேல இருக்குற சின்ன கண்ணாடி வெடிச்சிருச்சுன்னு கடைக்கு குடுக்கப் போறவங்க, குடுக்குறதுக்கு முன்னாடி இத ஒரு தடவ படிச்சிருங்க. என் போன்ல அந்தக் கண்ணாடி மட்டும்தான் வெடிச்சிருந்துச்சு, உள்ள கேமரா நல்லாவே இருந்துச்சு. மாத்தி வாங்கிட்டு வந்த அடுத்த நாளே போட்டோ எல்லாம் வெளுத்துப் போய் மங்கலா வர ஆரம்பிச்சுது, ஃபோக்கஸும் நின்னுபோச்சு. திரும்ப எடுத்துட்டுப் போய் காட்டுனா "உங்க கேமரா முன்னாடியே வீக்கா இருந்துச்சு சார், கேமராவையே மாத்தணும்"னு அதுக்குத் தனியா காசு கேக்குறாங்க. அவங்க கைவேலையில கெட்டுப்போனதுக்கு என் போன் மேல பழி, அதுக்கு நானே பணம் குடுக்கணுமாம்.

இந்த ஏமாத்து வேலை எப்படி நடக்குதுன்னா, நம்மள்ல பாதிப் பேருக்கு வெளிய தெரியுற கண்ணாடிதான் லென்ஸ்னு நெனப்பு. அது லென்ஸ் கிடையாது, வெறும் மூடி. அதுக்குக் கீழ கொஞ்சம் இடைவெளி விட்டு நிஜ லென்ஸ் இருக்கு, அத சுத்தி ஒரு குட்டி காயிலும் காந்தமும் இருக்கு. காயில்ல கரண்ட் போனா லென்ஸ் மில்லிமீட்டர்ல சின்னப் பங்கு அளவு முன்ன பின்ன நகரும், ஆட்டோஃபோக்கஸ்னு சொல்றது அந்த அசைவுதான். மேல இருக்குற மூடிக்கும் இந்த மோட்டாருக்கும் சம்பந்தமே இல்ல. மூடி வெடிச்சா மூடிய மட்டும் மாத்துனா போதும், அதுவும் கேமராவ மாத்துறதோட பாத்தா ரொம்பக் கம்மி செலவு.

எது கெட்டிருக்குன்னு நாமளே கண்டுபிடிச்சிரலாம், இதுக்கு எந்த சாமானும் வேணாம். முதல்ல கண்ணாடிய தொடைச்சிருங்க, விரல் எண்ணெய் படிஞ்சிருந்தாலே படம் மங்கும். எண்ணெய்க் கறைக்கு ஒரு அடையாளம் இருக்கு, கிட்ட எடுத்தாலும் தூர எடுத்தாலும் ஒரே மாதிரி புகை மூடுன கணக்கா இருக்கும், ராத்திரில லைட்ட எடுத்தா அதுல இருந்து நீளமா ஒரு கோடு இழுத்துக்கிட்டுப் போகும். நீங்க எந்தப் பக்கமா தொடைச்சீங்களோ அதுக்குக் குறுக்கா அந்தக் கோடு வரும். சட்டை நுனியில தேய்க்காதீங்க, எண்ணெய் இன்னும் பரவும், மண்ணு துகள் இருந்தா கீறலும் விழும். கண்ணாடி தொடைக்கிற மைக்ரோஃபைபர் துணியில லேசா ஊதித் தொடைச்சா போதும். மேல தனியா லென்ஸ் ப்ரொடக்டர் ஒட்டியிருந்தா அதையும் கழட்டிட்டுப் பாருங்க, அதுக்கும் கண்ணாடிக்கும் நடுவுல தூசியும் ஈரமும் போய் உக்காந்துரும்.

வெடிச்ச கண்ணாடி வேற மாதிரி காட்டும். நெறைய பேர் விரிசல் போட்டோல கோடா விழும்னு நெனைக்கிறாங்க, அப்படி விழாது, ஏன்னா லென்ஸுக்கு அவ்ளோ கிட்ட இருக்குற எதுவும் ஃபோக்கஸ்ல வராது. பகல்ல எடுத்தா கொஞ்சம் மங்கலா ஏதோ ஒரு பக்கம் தெளிவு கொறைஞ்ச மாதிரி இருக்கும் அவ்ளோதான், ஆனா வெயிலோ லைட்டோ எதிர்ல வந்தா வெளிச்சம் செதறி படம் முழுக்கப் படரும். பல போன்கள்ல பிளாஷும் அதே கண்ணாடிக்குக் கீழதான் இருக்கும், அதனால பிளாஷ் போட்டு ஒண்ணு போடாம ஒண்ணு எடுத்துப் பாருங்க, போட்டது மட்டும் வெளுத்து வந்தா பிளாஷ் வெளிச்சம் விரிசல் வழியா லென்ஸுக்குள்ள பாயுதுன்னு அர்த்தம். இதுல ஃபோக்கஸ் ஒழுங்காதான் வேலை செய்யும், அதுதான் முக்கியம்.

மோட்டார் மாட்டிக்கிச்சுன்னா கதையே வேற. ஏதோ ஒரு தூரத்துல இருக்குறது மட்டும் பளிச்சுனு வரும், மத்ததெல்லாம் மங்கல். சிலதுல ஸ்கிரீன்ல படம் கிட்ட வந்து தூரப் போய் துடிச்சுக்கிட்டே இருக்கும், காத வச்சு கேட்டா டிக் டிக்னு சத்தம் வரும். லேசா தட்டுனா ஒரு நிமிஷம் சரியாகி திரும்ப மாட்டும். காந்தம் வச்ச கவர், வண்டியில மாட்டுற காந்த ஹோல்டர் இதெல்லாம் கூட இந்த மோட்டார தொந்தரவு பண்ணும், அதனால கவர கழட்டிட்டுத்தான் சோதிக்கணும். பைக் ஹேண்டில்ல மாட்டுனா எஞ்சின் அதிர்வுல கேமரா கெட்டுப்போகலாம்னு ஆப்பிள் கம்பெனியே 2021ல எழுத்துல எச்சரிக்கை குடுத்திருக்கு.

இப்ப இந்தப் பதிவுல இருந்து ஒண்ணே ஒண்ணு எடுத்துக்கிறதா இருந்தா இத எடுத்துக்கோங்க. கேமரா ஆப்ல `Pro` மோட் இருந்தா அதுல `MF`னு ஒண்ணு இருக்கும், கையால ஃபோக்கஸ நகர்த்துறது. ஒரு பக்கம் பூ படம், இன்னொரு பக்கம் மலை படம் போட்ட ஒரு ஸ்லைடர் வரும். பகல் வெளிச்சத்துல போன எதுலயாவது சாச்சு வச்சு, முன்னாடி ஒரு முழம் தள்ளி எழுத்து இருக்குற ஏதாவது ஒண்ண வைங்க, அதுக்குப் பின்னாடி ஜன்னல் வழியா தூரத்துல ஏதாவது தெரியட்டும். இப்ப ஸ்லைடர பூவுல இருந்து மலை வரைக்கும் மெதுவா இழுங்க. கிட்ட இருக்குற எழுத்து பளிச்சுனு வந்து அப்புறம் கரைஞ்சு தூரத்துல இருக்குறது பளிச்சுனு வந்தா மோட்டார் உயிரோட இருக்கு. ஸ்லைடர் நகருது ஆனா படம் துளிகூட மாறலன்னா மோட்டார் போச்சு. `MF` இல்லாத போன்ல கிட்ட ஒரு தடவ தூர ஒரு தடவ தொட்டுத் தொட்டு ஃபோக்கஸ் மாறுதான்னு பாருங்க, அப்ப ஸ்கிரீன்ல `AE/AF LOCK`னு மஞ்சளா வந்திருந்தா அது பூட்டிக்கிட்டு இருக்கு, வேற எங்கயாவது தொட்டா விட்டுரும். எழுத்துக்கு ரொம்பக் கிட்ட போன ஒட்டி வச்சும் சோதிக்காதீங்க, பெரிய சென்சார் இருக்குற சில போன்ல 20 செ.மீ. கிட்டப் போனாலே மெயின் கேமராவால ஃபோக்கஸ் பண்ண முடியாது, அது பழுது இல்ல. அல்ட்ராவைட், செல்ஃபி கேமரா பலதுல நகர்ற மோட்டாரே கிடையாது, அதனால 1x மெயின் கேமராவுலதான் பாக்கணும்.

நான் கடைக்குக் குடுக்குறதுக்கு முன்னாடி இத பண்ணி ஸ்கிரீன் ரெக்கார்டும் எடுத்து வச்சிருந்தேன், விரிசல் இருக்கும்போதே எழுத்து அழகா வந்து கரைஞ்சு தூரம் பளிச்சுனு வர்றது அதுல தெளிவா இருக்கு. "கண்ணாடி மட்டும்தான், கேமராவ தொடாதீங்க"னு சொல்லிக் குடுத்தேன். வெளிய உக்காருங்கனு சொல்லிட்டு உள்ள எடுத்துட்டுப் போனாங்க, கொஞ்ச நேரத்துலயே குடுத்துட்டாங்க. அங்கயே எடுத்துப் பாத்தப்ப படம் ஓரளவு நல்லாத்தான் இருந்துச்சு. விடிஞ்சதும்தான் எதுக்க வெளிச்சம் இல்லாமலே படம் முழுக்க வெள்ளையா திரை, `MF` ஸ்லைடர இழுத்தா படம் அசையவே இல்ல.

வேற ஒரு டெக்னீஷியன்ட்ட எடுத்துட்டுப் போனேன். அவரு என் முன்னாடியே பேக் கவர கழட்டி பூதக்கண்ணாடியில காட்டுனாரு. புதுக் கண்ணாடியோட உள்பக்கம் முழுக்க மாவு தூவுன மாதிரி வெள்ளைப் படலம், லென்ஸ் மேலயும் அதே. "சூப்பர் குளூ போட்டிருக்காங்க தம்பி, அதோட ஆவி மூடுன எடத்துல சுத்திக்கிட்டே இருக்கும், பக்கத்துல இருக்குற கண்ணாடியில இப்படித்தான் படியும், காய காயத்தான் தெரியும்"னாரு. கடையில நல்லா இருந்தது மறுநாள் மங்குனது ஏன்னு அப்பதான் புரிஞ்சுது. அதுக்கும் மேல, லென்ஸ் உருளையோட ஓரத்துல பளபளன்னு ஒரு சொட்டு பசை எறங்கி அந்த மெல்லிய இடுக்குல ஒட்டிக்கிட்டு இருந்துச்சு. லென்ஸ் எப்படி நகரும்? பழைய கண்ணாடியோட பொடித் துண்டுகளும் உள்ளயே கெடந்துச்சு. கேமரா உள்ள இருக்கும்போதே மேல இருந்து கண்ணாடிய குத்தி நொறுக்கி எடுத்திருக்காங்கனு அத வச்சே சொல்லிட்டாரு. படலத்த தொடைச்சுப் பாத்தாரு, பாதி போச்சு, ஆனா பசை எறங்குன மோட்டார ஒண்ணும் பண்ண முடியல, கேமராவ மாத்தித்தான் ஆகணும்னு ஆயிருச்சு.

ஒழுங்கா செய்யுறவங்க எப்படி செய்வாங்கன்னும் அவரே காட்டுனாரு. போன திறந்து கேமராவ கனெக்டர்ல இருந்து கழட்டித் தனியா வச்சிருவாங்க. அப்புறம் வெடிச்ச கண்ணாடிய சூடு காட்டி பசை எளகுனதும் நெம்பி எடுப்பாங்க, சட்டத்துல இருக்குற பழைய பசையையும் துகளையும் சுத்தம் பண்ணுவாங்க. புதுசுக்கு வளைய வடிவுல வெட்டுன ஒட்டுப் படலமோ பி-7000 மாதிரி மெதுவா காயுற பசையோ போடுவாங்க, அது காஞ்சப்புறம் கேமராவ மாட்டுவாங்க. இதுக்கு நேரம் ஆகும். "கேமராவ கழட்டிட்டு மாத்துவீங்களா, என்ன பசை போடுவீங்க"னு ரெண்டே கேள்வி கேளுங்க, முகம் சுளிச்சா போன வாங்கிட்டு கெளம்பிருங்க. திறந்த போன்ல தண்ணி புகாத சீல் பழைய மாதிரி இருக்கும்னு நம்பவும் வேணாம்.

பழைய கடைக்கு ரெக்கார்டையும் பசை சொட்டோட போட்டோவையும் கொண்டுபோய் காட்டுனேன். அதுவரைக்கும் "முன்னாடியே வீக்"னு சொல்லிக்கிட்டு இருந்தவரு அத பாத்ததும் "பையன் தெரியாம பண்ணிட்டான்"னு மாத்திட்டாரு. கண்ணாடிக்கு வாங்குன காச திருப்பிக் குடுத்தாரு, கேமரா காசுக்குப் பொறுப்பே ஏத்துக்கல. ரெக்கார்டு இல்லன்னா அந்தக் காசும் வந்திருக்காது, அதனால குடுக்குறதுக்கு முன்னாடி `MF` டெஸ்ட அவங்க கண்ணு முன்னாடியே ஒரு தடவ பண்ணிக் காட்டி, பில்லுல "ஃபோக்கஸ் வேலை செய்கிறது, கண்ணாடி மட்டும்"னு எழுதி வாங்கிக்கோங்க. வாங்கும்போது பழைய கண்ணாடிய கேட்டு வாங்குங்க, மறுநாளும் அதே டெஸ்ட பண்ணிப் பாருங்க. உடனே கடைக்குப் போக முடியலன்னா விரிசல் மேல ஒரு துண்டு டேப் ஒட்டி வைங்க, கண்ணாடிப் பொடியும் தூசியும் லென்ஸ் மேல எறங்காம இருக்கும், போட்டோ எடுக்கும்போது மட்டும் உரிச்சுக்கலாம்.