"முடிவில்லா நினைவு" என்று விற்கும் கதாபாத்திர சாட்பாட்டுக்கு ஆண்டுச் சந்தா கட்டும் முன்

தமிழில் கதையோ டெக்ஸ்ட் கேமோ செய்து, அதில் ஒரு பாத்திரத்தைச் சாட்பாட்டாகப் பேசவைக்க நினைப்பவர்கள் இதைப் படித்துவிட்டுப் பணம் கட்டுங்கள். "உங்கள் கதாபாத்திரம் எதையும் மறக்காது" என்ற விளம்பரத்தை நம்பி, ஒரு சேவைக்கு ஆண்டுச் சந்தா கட்டினேன். சொன்னது ஒன்று, கொடுத்தது வேறு. பணமும் திரும்பவில்லை.

என் கேமின் பாத்திரம் பேச்சியம்மா. புன்னைக்காயலில், தாமிரபரணி கடலில் சேரும் இடத்தில் படகு ஓட்டும் கிழவி. இடது கண் தெரியாது. பேரன் பெயர் சுடலை. யாரையும் "ஏல" என்றுதான் கூப்பிடுவாள். எரிந்துபோன படகைப் பற்றி அவளுக்கு ஓர் உண்மை தெரியும். ஆடுகிறவர் அவள் நம்பிக்கையைப் பெறும்வரை அதைச் சொல்லக் கூடாது. கேமே அந்த ஒரு மௌனத்தின் மேல்தான் நிற்கிறது.

தொடக்கத்தில் அருமையாகப் பேசினாள். "ஏல, கரையில நின்னு பேசாத. ஏறுனா ஏறு, இல்லன்னா போ." பேச்சு நீள நீள அந்தக் குரல் கரைந்தது. ஒரு கட்டத்தில் வந்த பதில் இது: "நண்பரே, உங்கள் கேள்வி மிகவும் ஆழமானது. நான் உங்களுக்கு உதவ விரும்புகிறேன்." அடுத்த பதிலிலேயே படகை யார் எரித்தார்கள் என்பதையும் தானாகச் சொல்லிவிட்டாள். சுடலை பேரனாக இருந்தவன் மகனாகிவிட்டான். இரண்டு கண்ணாலும் கடலைப் பார்த்தாள்.

உதவிக் குழுவுக்கு எழுதினேன். நினைவு சரியாகவே இருக்கிறது என்று சொல்லி, ஆதாரமாக ஒரு ஸ்கிரீன்ஷாட் அனுப்பினார்கள். அதில் அவர்கள் கேட்ட கேள்வி, "உங்கள் பேரன் சுடலை எப்படி இருக்கிறான்?" விடையைக் கேள்விக்குள்ளேயே வைத்துக் கேட்டால் எந்தச் சாட்பாட்டும் சரியாகத்தான் பதில் சொல்லும். இதில்தான் பலர் ஏமாறுகிறார்கள் என்று நினைக்கிறேன். சோதிப்பதாக இருந்தால் "உங்க வீட்டுல யார் யார் இருக்காங்க?" என்று கேளுங்கள். பெயரும் உறவும் சாட்பாட்டின் வாயிலிருந்தே வரவேண்டும். இல்லாத ஒன்றையும் கேட்டுப் பாருங்கள்: "உங்க மக கல்யாணம் எப்படி நடந்துச்சு?" அப்படி ஒரு மகளே இல்லையென்றால் பேச்சியம்மா மறுக்க வேண்டும். என்னுடையவள் கல்யாணப் பந்தியை விவரமாகச் சொன்னாள்.

சேவையின் உதவிப் பக்கத்தில், பொடி எழுத்தில், உண்மை இருந்தது. சாட்பாட்டுக்குப் பின்னால் பதில் எழுதும் மாடல் ஒரு தடவைக்குப் பார்ப்பது 8,000 டோக்கன். டோக்கன் என்பது மாடல் எழுத்தைப் பிரித்துப் படிக்கும் சிறு துண்டு. அதற்கு முந்தைய பேச்சை ஒரு கருவி தானாகச் சுருக்கி வைத்துக்கொள்ளும். அந்தச் சுருக்கத்தைத்தான் "முடிவில்லா நினைவு" என்று விற்கிறார்கள்.

8,000 என்றால் பெரிதாகத் தோன்றும். ஆங்கிலத்தில் அது சுமார் 6,000 சொல். தமிழில் அவ்வளவு கிடைக்காது. நம் ஒவ்வொரு எழுத்துக்குறியும் கணினியில் வழக்கமாக 3 பைட் எடுக்கும். பல மாடல்களின் டோக்கன் பிரிப்பு தமிழுக்காகச் செய்யப்பட்டதல்ல என்பதால் ஒரு சொல்லே பல துண்டாகிறது. மாடலுக்கு மாடல் இது மாறும். சொல்லுக்கு 5 டோக்கன் என்று வைத்துக் கணக்குப் போட்டால் மொத்தமே 1,600 சொல். பாத்திர விவரத்துக்கு 400 சொல் போனால் மிச்சம் 1,200. ஒரு கேள்வியும் பதிலும் சேர்ந்து 120 சொல் என்றால் பத்துச் சுற்றுதான் அப்படியே மாடலின் கண்ணில் படும். பதினோராவது சுற்றில் முதல் சுற்று வெளியே போய்விடும். அப்புறம் சுருக்கம்தான் கதி. சுருக்கம் நீண்டால் அதையே மறுபடி சுருக்குவார்கள். "பேரன்" "பையன்" ஆகி, "பையன்" "மகன்" ஆனது அந்த வழியில்தான். சுருக்கத்தைத் திறந்து பார்க்க முடிந்ததால் கண்ணாலேயே பார்த்தேன். ஆனால் திருத்த விடவில்லை.

குரல் மாறியதற்குக் காரணம் வேறு. விவரம் முழுதாக உள்ளே இருந்தாலும், மாடல் அதிகம் பின்பற்றுவது கடைசியாக நடந்த பேச்சைத்தான். ஒரே ஒரு பதில் குழைவாக வந்து, அதை அப்படியே விட்டுவிட்டால், அடுத்த பதிலுக்கு அதுவே மாதிரியாகிவிடும். "நீ இப்படிப் பேசமாட்டியே" என்று பாத்திரத்தோடு வாதாடிப் பயனில்லை. கெட்ட வரியும் வாதமும் சேர்ந்து பேச்சின் வரலாற்றில் உட்கார்ந்துவிடும். பிசகிய பதிலை அங்கேயே அழித்து மறுபடி எழுதவைக்க வேண்டும், இல்லையென்றால் கையால் திருத்த வேண்டும். நான் பணம் கட்டிய சேவையில் பழைய பதிலைத் திருத்தும் வசதியே இல்லை. கதாபாத்திரத்துக்கென்று விற்கும் ஒரு கருவியில் இதை விட்டிருப்பதை என்னால் மன்னிக்க முடியவில்லை.

இப்போது SillyTavern என்ற இலவச சாட் மென்பொருளில், வேறொரு மாடலை இணைத்து, நானே கட்டிக்கொண்டேன். குரலுக்கு மூன்று வரி மட்டும் எழுதி Author's Note என்ற பகுதியில் வைத்தேன்: ஏல என்றே கூப்பிடுவாள், இரண்டு வாக்கியத்துக்கு மேல் பேசமாட்டாள், யாரையும் புகழமாட்டாள். அது ஒவ்வொரு சுற்றிலும் பேச்சின் கடைசிப் பகுதிக்குப் பக்கத்திலேயே நுழையும். பாதிக்கு மேல் சிக்கல் அதிலேயே தீர்ந்தது. ரகசியத்தை விவரத்திலிருந்தே எடுத்துவிட்டேன். கேமில் அந்தக் கட்டம் வந்த பிறகுதான் சேர்க்கிறேன். உள்ளே இல்லாததை அவளால் உளற முடியாது.

உண்மைகளுக்கு World Info என்ற பகுதி. ஒரு சொல் பேச்சில் வந்தால் அதற்குரிய குறிப்பு உள்ளே போகும். தமிழில் இதற்கு ஒரு பொறி உண்டு. "படகு" என்று சாவிச்சொல் கொடுத்தால், ஆடுகிறவர் "படகில்" என்று எழுதும்போது அது பொருந்தாது. பைத்தானில் பார்த்தால் தெரியும்:

```
print("படகு" in "படகில் போகலாமா")  # False
print("படக" in "படகில் போகலாமா")   # True
```

அதனால் "படக", "பேரன" என்று வேர்ப்பகுதியை மட்டும் கொடுங்கள். "வீடு" போன்ற சொல்லுக்கு "வீட்ட" என்பதையும் கூடவே சேர்க்க வேண்டும். Match Whole Words என்பதை அணைத்து வையுங்கள். நான் சந்தா கட்டிய சேவையிலும் இதே மாதிரி ஒரு பகுதி இருந்தது. முழுச் சொல் பொருத்தம் மட்டும்தான், அணைக்க வழியில்லை. நான் எழுதிய குறிப்புகளில் பெரும்பாலானவை ஒரு முறைகூட உள்ளே போகவில்லை என்பது பின்னால்தான் தெரிந்தது. தமிழுக்கு ஆதரவு உண்டு என்று முகப்பில் போட்டிருந்தார்கள்.

பணத்தைத் திருப்பிக் கேட்டதற்கு, ஏழு நாள் கடந்துவிட்டது என்றார்கள். இந்தப் பிசகெல்லாம் பேச்சு நீண்ட பிறகுதான் தெரியவரும். ஏழு நாளில் யாருக்குத் தெரியும்? தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் பதிந்திருக்கிறேன். விளம்பரப் பக்கம், பொடி எழுத்துப் பக்கம், அந்த ஸ்கிரீன்ஷாட் மூன்றையும் சேர்த்துக் கொடுத்தேன். நீங்களும் மாட்டியிருந்தால் ஒன்று கவனியுங்கள்: ஆப்பை அழித்தால் சந்தா நிற்காது. யுபிஐ ஆப்பில் ஆட்டோபே பகுதிக்குப் போய் அந்த அனுமதியை ரத்து செய்ய வேண்டும். அதற்கு முன் உங்கள் பாத்திர விவரத்தையும் பேச்சு முழுவதையும் நகலெடுத்து வைத்துக்கொள்ளுங்கள்; எனக்குக் கணக்கு மூடியதும் எதுவும் கிடைக்கவில்லை.